சாலைப் பாதுகாப்பு நாள் உரை: ஏபிஎஸ் இருந்தால் கார் சீக்கிரம் நிற்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

கோபி டீச்சர் | ஜனவரி 6, இரவு 9.40

இந்த மாதம் 24-ஆம் தேதி எங்கள் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு நாள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் 15 நிமிடம் பேச வேண்டும். வருடா வருடம் ஹெல்மெட், செல்போன், சிக்னல் என்றே போகிறது. நான் இயற்பியல் எடுக்கிறவள் என்பதால் இந்த முறை காருக்குள் இருக்கிற மூன்றைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணம்: ஏபிஎஸ் என்கிற பிரேக் பூட்டுத் தடுப்பு, ஈஎஸ்சி என்கிற சறுக்கல் தடுப்பு, ஏர்பேக் என்கிற காற்றுப் பை. உரையின் நடுப்பகுதியை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"ஏபிஎஸ் இருந்தால் பிரேக் போட்டதும் கார் சீக்கிரம் நின்றுவிடும். ஈஎஸ்சி இருந்தால் கார் சறுக்கும்போது ஸ்டியரிங்கைத் தானே திருப்பிச் சரிசெய்யும். இரண்டையும் மீறி மோதினால் ஏர்பேக் மெத்தை போல விரிந்து தாங்கிக்கொள்ளும்."

தப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள். பிள்ளைகள் நாம் சொல்வதை வீட்டில் போய் அப்படியே ஒப்பிப்பார்கள்.

பிரேக் பட்டறை, கோவை | ஜனவரி 6, இரவு 10.15

முதல் வரி பாதி தப்புங்க டீச்சர். இரண்டாவது வரி முழுத் தப்பு. மூன்றாவது வரியில் ஒரு சொல் விட்டுப்போச்சு, அந்தச் சொல் இல்லாமல் அந்த வரியே ஆபத்து. பட்டறையில் ஆள் நிற்கிறார், நாளைக்கு விவரமாக எழுதுகிறேன். அதற்குள் ஒன்று யோசிங்க: உங்கள் காரில் ஏபிஎஸ் வேலை செய்ததை எப்போதாவது காலில் உணர்ந்திருக்கிறீர்களா?

கோபி டீச்சர் | ஜனவரி 7, காலை 6.20

உணர்ந்திருக்கிறேன். அதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இரவெல்லாம் அதுதான் ஓடியது.

இரண்டு வருடம் முன்பு மாமனார் தோட்டத்துக்குப் போகிற மண் பாதை. அப்போதுதான் ஜல்லி கொட்டிப் பரப்பியிருந்தார்கள், ரோலர் ஓட்டவில்லை. வேகம் 35 இருக்கலாம். வரப்பிலிருந்து ஒரு கன்று குறுக்கே வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பெடல் காலுக்கு அடியில் கடகடவென்று உதறியது, கீழே இருந்து கரகரவென்று சத்தம், கார் நிற்கவே இல்லை. போய்க்கொண்டே இருந்தது. பிரேக் போய்விட்டது என்று நினைத்து காலை எடுத்துவிட்டேன். கன்று தானாகத் தாண்டிப் போனதால் தப்பித்தது. மறுநாள் சர்வீஸில் காட்டினால் "பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்கள். அப்போது நான் நம்பவில்லை. இப்போது உங்கள் கேள்வியைப் பார்த்ததும், அன்றைக்கு உதறியது ஏபிஎஸ்தான் என்று தோன்றுகிறது. அப்படியானால் கார் ஏன் சீக்கிரம் நிற்கவில்லை?

பிரேக் பட்டறை, கோவை | ஜனவரி 7, மதியம் 2.05

அதேதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்ளே ஒரு பல் வளையமோ காந்த வளையமோ இருக்கும், பக்கத்தில் ஒரு சென்சார். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஓங்கி மிதித்ததும் ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று நிற்கப் பார்த்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகிற பிரேக் ஆயிலை ஒரு வால்வு அடைக்கும், இன்னொரு வால்வு கொஞ்சம் வெளியே விடும், சக்கரம் மறுபடி சுற்றும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் பத்துத் தடவைக்கு மேல்கூட. காலில் உதறுவது அதுதான்.

இதை எதற்குச் செய்கிறது? கார் சீக்கிரம் நிற்பதற்காக இல்லை. சுற்றுகிற சக்கரம்தான் திரும்பும், பூட்டிக்கொண்ட சக்கரத்தை நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். பிரேக்கை முழுக்க மிதித்தபடியே ஸ்டியரிங்கை ஒடித்து விலக முடிய வேண்டும், அதுதான் ஏபிஎஸ். ஈரத் தார் ரோட்டில் தூரமும் கொஞ்சம் குறையும், அது கூடுதல் வரவு. ஜல்லியில், மணலில் தூரம் அதிகமாகத்தான் ஆகும். பூட்டிக்கொண்ட சக்கரம் முன்னால் ஜல்லியைக் குவித்து அதிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தைச் சுற்றவிடுவதால் அந்தக் குவியல் சேராது, மேலே ஏறிப் போய்விடும். உங்கள் கன்றுக்குட்டிக் கதை அதுதான்.

பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்க. கால் உதறினால் பயந்து எடுக்கக் கூடாது, இன்னும் அழுத்தணும். எங்கள் பட்டறைக்கு "பிரேக் உதறுது, சரி பண்ணுங்க" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றுமே பழுது இருக்காது. மெதுவாகப் பிடிக்கும்போதும் உதறினால் மட்டும் டிஸ்க் கோணல், அதைப் பார்க்கணும்.

ஈரோட்டு அப்பா | ஜனவரி 8, காலை 8.30

நல்ல விவாதம். மூன்றாவது வரியில் விட்டுப்போன சொல் சீட் பெல்ட்தானே? பெல்ட் போடவில்லை என்றால் ஏர்பேக் திறக்கவே திறக்காது. இதைப் பிள்ளைகளிடம் அடித்துச் சொல்லுங்கள். என் நண்பர்கள் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிப் பெல்ட் போட வைக்கிறேன்.

பிரேக் பட்டறை, கோவை | ஜனவரி 8, காலை 9.10

சொல் சரி. காரணம் சரியில்லைங்க அண்ணா. பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் இல்லாவிட்டாலும் ஏர்பேக் திறக்கும். சில மாடல்களில் பெல்ட் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, எவ்வளவு பலமான மோதலுக்குத் திறப்பது என்பதை மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். பெல்ட் இல்லாமல் திறந்தால்தான் பெரிய ஆபத்தே. ஓட்டுகிறவர் பிரேக் போட்டிருப்பார், பெல்ட் இல்லாத ஆள் அதற்குள்ளேயே சரிந்து டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் வந்திருப்பார். பை மணிக்கு 200, 300 கி.மீ. வேகத்தில் வெளியே வரும். அந்த இடத்தில் முகம் இருந்தால் என்ன ஆகும்?

ஈரோட்டு அப்பா | ஜனவரி 8, காலை 9.25

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் திறக்காது என்று சொன்னால்தான் ஆட்கள் பெல்ட் போடுகிறார்கள். நல்லதுக்குத்தானே சொல்கிறேன்.

கோபி டீச்சர் | ஜனவரி 8, இரவு 9.00

அண்ணா, வகுப்பில் அது எனக்கு ஒத்துவராது. ஒரு பிள்ளையின் மாமா பெல்ட் இல்லாமல் மோதி ஏர்பேக் திறந்திருந்தால், "டீச்சர் சொன்னது பொய்" என்று அதோடு மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். உண்மையான காரணமே போதுமான அளவுக்குப் பயமாக இருக்கிறது.

காங்கேயம் ரோடு | ஜனவரி 9, மாலை 5.45

வாட்டர் வாஷ் செய்துவிட்டு எடுத்ததிலிருந்து மஞ்சளாக ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. அப்படியே ஓட்டலாமா? இங்கே விஷயம் தெரிந்தவர் இருப்பதால் கேட்கிறேன். உரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, மன்னிக்கவும்.

பிரேக் பட்டறை, கோவை | ஜனவரி 9, மாலை 6.30

சக்கரத்துச் சென்சாரிலோ அதன் கனெக்டரிலோ தண்ணீரோ சேறோ இருக்கும். சாதா பிரேக் இருக்கும், ஏபிஎஸ் மட்டும் இருக்காது. மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டுங்க. ஆனால் அதோடு சேர்ந்து சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டாதீங்க. ஆயில் குறைந்திருக்கலாம், இல்லை என்றால் முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கிற வேலையும் நின்றிருக்கலாம். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுற்றும்.

கோபி டீச்சர் | ஜனவரி 10, இரவு 10.30

சம்பந்தம் இல்லை என்று சொன்னீர்கள், எனக்கு முழு உரையும் அந்தக் கேள்வியிலிருந்துதான் கிடைத்தது. "பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுற்றும்" என்றாரே, அது ஏன் என்று யோசித்துப் பார்த்து, மகனுடைய பொம்மைக் காரை எடுத்துவிட்டேன்.

வீட்டில் இஸ்திரி போடுகிற பலகை, ஒரு முனையில் மூன்று நோட்டுக் கட்டுகளை அடுக்கிச் சாய்த்தேன். காரின் முன் சக்கரம் இரண்டையும் செலோடேப் போட்டுச் சுற்றாமல் கட்டி மேலிருந்து விட்டால், நேராகச் சறுக்கிக்கொண்டே கீழே வருகிறது. முன் சக்கரத்தை அவிழ்த்துவிட்டு, பின் சக்கரம் இரண்டையும் கட்டி விட்டால், பாதி தூரம் வருவதற்குள் அரைச் சுற்றுச் சுற்றிப் பின்புறம் முன்னால் வந்து இறங்குகிறது. பத்துத் தடவை விட்டேன். ஒரு தடவைகூட மாறவில்லை.

காரணம் இவ்வளவுதான். பூட்டிக்கொண்ட சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு இல்லை. சுற்றுகிற சக்கரத்துக்கு உண்டு. பின்னால் பிடிப்பு இல்லாவிட்டால் வால் லேசாக ஒதுங்கியதும் அதை இழுத்து நிறுத்த ஆள் இல்லை, முன்னால் தாண்டப் பார்க்கிறது. முன்னால் பிடிப்பு இல்லாவிட்டால் கார் நேராகப் போகும், திரும்பாது. இது இரண்டும்தான் சாலையில் நடக்கிற இரண்டு விதமான சறுக்கல். 15 நிமிடத்தில் நான் ஆறு நிமிடத்தை இந்தப் பலகைக்கே கொடுக்கப் போகிறேன்.

டேப் ஒட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேப் பலகையில் படக் கூடாது, சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் மட்டும் ஒட்ட வேண்டும். முதல் இரண்டு தடவை எனக்கு அதனால்தான் கார் நகரவே இல்லை.

கொடுமுடி மஞ்சக்காடு | ஜனவரி 11, காலை 5.50

ஏனுங்க டீச்சர், இரண்டாவது வரி இன்னும் திருத்தவில்லை போல. நான் கார்க்காரன் இல்லை, டிராக்டர் ஓட்டுகிறவன். பையன் கார் வாங்கினபோது கடைக்காரர் ஈஎஸ்சி என்னவென்று விளக்கினார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் டிராக்டரில் பிரேக் பெடல் இரண்டு. இடது பெடலை மட்டும் மிதித்தால் இடது பின் சக்கரம் மட்டும் பிடிக்கும், வண்டி அந்த இடத்திலேயே இடப்பக்கம் திரும்பும். உழவில் கடைசிச் சாலில் திருப்புவதற்கு அதுதான். ஸ்டியரிங் ஒடித்துத் திரும்பாத இடத்தில்கூட ஒற்றை பிரேக்கில் திரும்பும். காரில் கம்ப்யூட்டர் அதைச் செய்கிறது, வேறொன்றும் இல்லை.

பிரேக் பட்டறை, கோவை | ஜனவரி 11, காலை 7.30

ஐயா, இருபது வருடமாக இதை ஆட்களுக்கு விளக்குகிறேன், இவ்வளவு சுருக்கமாக எனக்கு வந்ததில்லை. டீச்சர், இதை அப்படியே எடுத்துக்குங்க. ஸ்டியரிங்கை அது தொடுவதே இல்லை. நீங்கள் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள் என்று ஒரு சென்சார் பார்க்கும், கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று இன்னொன்று பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கும், எஞ்சின் இழுவையையும் குறைக்கும்.

ஒன்று மட்டும் ஐயாவுக்கு: டிராக்டரில் பின் சக்கரம் இரண்டில்தான் அது. காரில் நான்கில் எதை வேண்டுமானாலும் பிடிக்கும். இடப்பக்க வளைவில் வால் வலப்பக்கம் வீசினால், வெளிப்பக்கத்து முன் சக்கரம், அதாவது வலது முன் சக்கரத்தைப் பிடித்து மூக்கை வெளியே இழுக்கும். வளைவில் திரும்பாமல் நேராகப் போனால், உள்பக்கத்துப் பின் சக்கரத்தைப் பிடிக்கும்.

கோபி டீச்சர் | ஜனவரி 12, மாலை 4.15

என் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் டிராக்டர் இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு உதவியிருக்காது. நன்றிங்க ஐயா.

இரண்டு கார்களையும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. முதல் காரில் ஈஎஸ்சி கிடையாது. பெருந்துறைக்குப் பக்கத்தில் பைபாஸில் என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார், நாய் குறுக்கே வந்தது. வலப்பக்கம் ஒடித்து, உடனே இடப்பக்கம் ஒடித்தார். முதல் ஒடிப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவது ஒடிப்பில்தான் வால் வீசியது. கார் அரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. பின்னால் லாரி வராதது எங்கள் நல்ல நேரம். பலகையில் பொம்மைக் கார் சுற்றியபோது எனக்கு அந்த நாள்தான் கண்ணில் வந்தது.

இப்போதைய காரில் ஈஎஸ்சி இருக்கிறது. போன கார்த்திகை மழையில் கிட்டத்தட்ட அதே போல ஒரு ஒடிப்பு. வால் அசைந்தது, முன்னால் ஒரு மூலையை யாரோ பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு, கார் வரிசையில் நின்றுவிட்டது. ஸ்பீடா மீட்டரில் சறுக்குகிற கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு மின்னியது. அது மின்னினால் வேலை செய்கிறது என்று பொருள், விடாமல் எரிந்தால் நிறுத்தி வைத்திருக்கிறது அல்லது பழுது என்று பொருள்.

அப்புறம் ஒரு சந்தேகம். இரண்டு நாளும் வேகம் ஒன்றா, டயர் ஒன்றா, ரோடு ஒன்றா? இல்லை. அதனால் "ஈஎஸ்சி இருந்ததால்தான் தப்பித்தோம்" என்று உரையில் சொல்ல மாட்டேன். இரண்டையும் நடந்தபடியே சொல்லிவிட்டு, பலகையைக் காட்டுவேன்.

பிரேக் பட்டறை, கோவை | ஜனவரி 12, மாலை 6.00

அந்தச் சந்தேகம் நியாயம். டயர் வழுக்கையாக இருந்தால் ஈஎஸ்சி எந்தச் சக்கரத்தைப் பிடித்தாலும் பிடிப்பு எங்கிருந்து வரும்? இந்த மூன்றில் இரண்டுக்கு உயிர் டயரில் இருக்கிறது.

கோபி டீச்சர் | ஜனவரி 16, இரவு 8.50

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது சத்தியிலிருந்து கோபி வருகிற வழியில், கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று ரோட்டோரத்தில் நின்றிருந்தது. பின்னால் விளக்கும் இல்லை, ஒட்டுகிற சிவப்புப் பட்டையும் இல்லை. கரும்புத் தோகை தொங்கி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. எதிரில் பஸ் வந்ததால் டிம் போட்டிருந்தோம். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. வேகம் குறைவு, அதனால் நின்றோம். வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு இந்தச் சூத்திரம் தெரியும்:

v² = u² − 2as

டிரெய்லர் 40 மீட்டரில் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொண்டேன். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. மழை ஈரம் என்பதால் ஒவ்வொரு நொடியிலும் வேகம் 4.9 மீ/நொடி குறைவதாக எடுத்துக்கொண்டேன், அதாவது புவியீர்ப்பில் பாதி. ஏபிஎஸ் சரியாக வேலை செய்கிறது, ஓட்டுகிறவர் முழுக்க மிதிக்கிறார்.

50 கி.மீ. வேகத்தில் வந்தால், ஒரு நொடியில் 14 மீட்டர் போய்விடுகிறது, பிரேக் பிடித்து நிற்க 20 மீட்டர். மொத்தம் 34. டிரெய்லருக்கு ஆறு மீட்டர் முன்னால் நிற்கிறது.

60-இல் வந்தால், ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர். மீதி 23 மீட்டர்தான் பிரேக்குக்கு. போதவில்லை. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் மோதுகிறது.

70-இல் வந்தால், ஒரு நொடியில் 19 மீட்டருக்கு மேல். டிரெய்லரைத் தொடும்போது வேகம் மணிக்கு 48 கி.மீ.

மூன்று தடவை சரிபார்த்தேன். 50-இல் மோதவே இல்லை, 70-இல் கிட்டத்தட்ட 50-இல் மோதுகிறது. ஏபிஎஸ் இதில் எதையும் மாற்றவில்லை. வலப்பக்கம் இடம் இருந்தால் விலக மட்டும் விடும். எதிரில் பஸ் வந்தால் அந்த இடமும் இல்லை. சரி, 48-இல் மோதினால் ஏர்பேக் இருக்கிறதே என்று அடுத்த பத்தியை எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

செங்கோட்டு பாடி கட்டுறவர் | ஜனவரி 16, இரவு 9.40

எழுதாதீங்க டீச்சர், அந்த இடத்தில் ஏர்பேக்கை நம்பி எழுதாதீங்க. நான் திருச்செங்கோட்டில் லாரிக்கு பாடி கட்டுகிறவன். டிரெய்லர் தட்டு எந்த உயரத்தில் இருக்கிறது? காரின் பானட்டுக்கு மேலே. கார் பம்பர் எதிலும் படாமல் அடியில் நுழையும், தட்டின் முனை கண்ணாடிக்கு நேராக வரும். காரில் நொறுங்குவதற்கென்று கட்டின முன்பாகம் நொறுங்கவே இல்லை. சென்சாருக்கு மோதல் தெரிவதே தாமதம். ஏர்பேக் திறந்தாலும் தலைக்கு வருவது மேலே இருந்து.

இதற்காகத்தான் லாரிக்குப் பின்னால் தாழ்வாகக் குறுக்குக் கம்பி வைக்கச் சொல்கிறார்கள். நாங்கள் வைத்துத்தான் கொடுக்கிறோம். லோடு இறக்கத் தடையாக இருக்கிறது என்று கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு, ரீப்பர் கட்டை மாதிரி மெல்லிசாக வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. கரும்பு டிரெய்லரில் அது இருந்து நான் பார்த்ததில்லை.

ஈரோட்டு அப்பா | ஜனவரி 16, இரவு 10.05

அப்படியானால் டிரெய்லர்காரரைத்தானே பிடிக்க வேண்டும்? பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி என்ன பயன்?

கொடுமுடி மஞ்சக்காடு | ஜனவரி 17, காலை 5.40

அந்த டிரெய்லர்காரர் வீட்டுப் பிள்ளையும் அந்தப் பள்ளியில்தானுங்க படிக்கும்.

கோபி டீச்சர் | ஜனவரி 19, மாலை 3.30

மூன்று நாளாக எழுதி எழுதி அழித்தேன். டிரெய்லர் கணக்கு உரையில் இருக்கும், ஆனால் ஏர்பேக்கை அங்கிருந்து எடுத்துவிட்டேன். ஏர்பேக்குக்கு என் தம்பி கதையைச் சொல்லப் போகிறேன்.

கவுந்தப்பாடி பக்கம் வாய்க்கால் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதினான். நேர் மோதல். பெல்ட் போட்டிருந்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வெள்ளைத் தூள், பவுடர் கொட்டிய மாதிரி. வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரை மூன்று விரல் அகலத்துக்கு ஒரே கருநீலப் பட்டை. மணிக்கட்டின் உள்பக்கம் தோல் உரிந்து சிவந்திருந்தது. "பை விரிந்ததைப் பார்த்தாயா" என்று கேட்டேன். "இல்லைக்கா, தொங்கிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன்" என்றான்.

பார்த்திருக்க முடியாது. மோதல் தொட்டதிலிருந்து ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால், முதல் 15, 20 பங்கிற்குள் சென்சார் முடிவெடுத்துவிடுகிறது. பெல்ட்டின் உள்ளே ஒரு சிறு வெடி பெல்ட்டை இழுத்து ஆளை சீட்டோடு இறுக்குகிறது. அடுத்த 30 பங்கிற்குள் பை நிரம்புகிறது. முகம் அதில் படும்போது பின்பக்க ஓட்டைகள் வழியாகக் காற்று வெளியேற ஆரம்பித்துவிட்டது. கண் சிமிட்ட ஆகும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தம்பியின் உடம்பை நிறுத்தியது அந்த கருநீலப் பட்டை. பை தாங்கியது தலையை.

மெத்தை என்று எழுதியதை அடித்துவிட்டேன். மெத்தை நமக்காகக் காத்திருக்கும். இது நம்மை நோக்கி வெடித்து வருகிறது. அதனால்தான் ஸ்டியரிங் நடுவுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் குறைந்தது 25 செ.மீ. வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளிடம் அடிஸ்கேல் இருக்கும், அதைவிடக் கொஞ்சம் குறைவு. வீட்டில் அளந்து பார்க்கச் சொல்வேன்.

இன்னொன்று. தம்பி மனைவி முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் எப்போதும் வருவாள். அன்றைக்குக் குழந்தை எங்கள் அம்மாவிடம் இருந்தது. குழந்தை அப்போது 10 கிலோ. 48 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் நின்றால், அந்த 10 கிலோவைப் பிடித்து நிறுத்த சுமார் 135 கிலோ எடையைத் தூக்குகிற பலம் வேண்டும். 50 கிலோ அரிசி மூட்டை மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. எந்த அம்மாவின் கையும் பிடித்திருக்காது. பிடித்திருந்தாலும் குழந்தைதான் பைக்கும் அம்மாவுக்கும் நடுவில்.

பிரேக் பட்டறை, கோவை | ஜனவரி 19, மாலை 5.10

நன்றாக வந்திருக்கிறது. "சிறு வெடி பெல்ட்டை இழுக்கும்" என்பது எல்லா வண்டியிலும் எல்லா சீட்டுக்கும் இல்லை, பின் சீட்டில் பல வண்டிகளில் கிடையாது. அதை மட்டும் சேருங்க. தொட்டில் மாதிரி பின்பக்கம் பார்த்து மாட்டுகிற குழந்தை சீட்டை ஏர்பேக் இருக்கிற முன் சீட்டில் வைக்கவே கூடாது என்பதையும் சேருங்க. பன்னிரண்டு வயது வரைக்கும் பின் சீட்டுதான்.

கோபி டீச்சர் | ஜனவரி 24, இரவு 8.20

பேசிவிட்டேன். 15 நிமிடம் 25 ஆனது, தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.

பலகைக்கு முன்னால் வந்து நின்று ஒவ்வொருவராகக் காரை விட்டார்கள். ஒரு பையன் நான்கு சக்கரத்தையும் கட்டி விட்டான், அது எனக்குத் தோன்றாத சோதனை. நேராகவும் வந்தது, ஒரு தடவை கோணலாகவும் வந்தது. "இது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது டீச்சர்" என்றான். சரியாகச் சொன்னான். டிராக்டர் பிரேக்கைச் சொன்னதும் பின்வரிசை முழுக்கக் கை தூக்கியது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "ரோட்டில் போகும்போது இரண்டு பெடலையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் இழுத்துக் கவிழும், எங்கள் தாத்தா போடவே மாட்டார்" என்றாள். இன்றைக்கே போய்ச் சொல்கிறாளாம்.

கடைசியில் ஏழாவது வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல்: "நம்ம பள்ளி வேனில் இந்த மூன்றில் எது இருக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஈரோட்டு அப்பா | ஜனவரி 25, காலை 7.15

பள்ளி வேனில் அதெல்லாம் தேவைப்படாது டீச்சர், மெதுவாகத்தானே போகிறது.

பிரேக் பட்டறை, கோவை | ஜனவரி 25, காலை 8.00

வேன் மெதுவாகப் போகும், எதிரில் வருகிறவன் மெதுவாக வருவானா? சாவியைத் திருப்பி, எஞ்சினை எடுக்காமல் விடுங்க. ஏபிஎஸ் இருந்தால் அந்த விளக்கு மஞ்சளாக எரிந்து சில நொடியில் அணையும். எரியவே இல்லை என்றால் ஏபிஎஸ் இல்லை, இல்லாவிட்டால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். ஏர்பேக் விளக்கும் அதே மாதிரிதான்.

கோபி டீச்சர் | ஜனவரி 27, மாலை 5.35

மூன்று வேனிலும் ஓட்டுநர் அண்ணன்மாரோடு சாவியைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைந்தது. ஏர்பேக் விளக்கு எதிலும் இல்லை. மூன்றாவது, பழைய வேன், எந்த விளக்கும் எரியவில்லை. பின்பக்க டயர் இரண்டில் பட்டன் தேய்ந்து சமமாக இருந்தது. ஓட்டுநர் அண்ணன் தானாகவே, "டயரைப் பற்றி நானே எழுதிக் கொடுத்துவிட்டேன் டீச்சர், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். இன்றைக்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் சீட்டில் பெல்ட் இருக்கிறதா என்று எண்ணுவதற்குள் மணி அடித்துவிட்டது. வியாழக்கிழமை எண்ணிவிட்டு இங்கே எழுதுகிறேன்.